“அண்ணே, இங்கிலீஷ் மட்டும் பாத்து சொல்லுங்க”

இந்த மாதப் பாடம் ஒரு மின்னஞ்சலைப் பற்றியது. ஒரே ஒரு மின்னஞ்சல்தான். அதை எழுதிய தம்பியின் அனுமதியோடு இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம். அவர் பெயரும் கம்பெனியின் பெயரும் வேண்டாம். கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் கப்பல் சரக்கு தொடர்பான ஓர் ஆபீஸில் வேலை, வயது 24, அங்கே சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது என்று மட்டும் தெரிந்தால் போதும்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை ராத்திரி 11.20க்கு அவரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. “அண்ணே, இதை ஆபீஸுக்கு அனுப்பப் போறேன். இங்கிலீஷ் மட்டும் பாத்து சொல்லுங்க.” இங்கிலீஷில் ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் லீவு வேண்டும் என்று மூன்று வாரத்துக்கு முன்பே தம்பி சூப்பர்வைசரிடம் நேரில் கேட்டிருக்கிறார். அவரும் “ஓகே, ஓகே” என்று சொல்லியிருக்கிறார். சுங்கை பட்டாணியில் பாட்டி வீடு. பஸ் டிக்கெட்டும் வாங்கியாச்சு. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் 5.48க்கு சூப்பர்வைசரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சாரம் இதுதான்: “அந்த இரண்டு நாளும் நீங்கள் டியூட்டி. சிஸ்டத்தில் உங்களுக்கு லீவு இல்லை. பிளான் போடும் முன் சிஸ்டத்தைப் பாருங்கள்.” அதன் Cc வரிசையில் டீமில் உள்ள ஏழு பேரும் இருந்தார்கள்.

தம்பி எழுதிய பதிலைத் தமிழில் தருகிறேன். சூடு குறையாமல்தான் மொழிபெயர்த்திருக்கிறேன்.

“பொருள்: மிகவும் ஏமாற்றம்!!!
நீங்கள் எப்போதும் இப்படித்தான். மூன்று வாரத்துக்கு முன்பே சொன்னேன். ஓகே என்று சொன்னதே நீங்கள்தான். இப்போது எல்லோர் முன்னாலும் என்னைப் பொய்யன் ஆக்குகிறீர்கள். மற்றவர்கள் பெருநாளுக்கு ஒரு வாரம் ஆபீஸே காலியாக இருக்கும். எங்கள் பெருநாளுக்கு ஒரு நாள் கொடுக்க உங்களுக்கு மனசு இல்லை. போன மாதம் மூன்று சனிக்கிழமை வந்தேன், ஒரு நன்றிகூடக் கிடையாது. இங்கே யார் வேலை செய்கிறார்கள், யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இப்படியே போனால் நான் வேலையை விடவும் தயார். உங்கள் ‘நியாயமான’ பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்.”

அதே ஏழு பேர், கூடவே மனிதவள மேனேஜர் என எல்லோருக்கும் போகும்படி வைத்திருந்தார். நான் ஒன்றுதான் கேட்டேன்: “To-ல இருக்கிற பேரை எல்லாம் அழிச்சிட்டு, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு எனக்கு போன் பண்றியா?” அவருக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் செய்தார்.

முகவரியை ஏன் அழிக்கச் சொன்னேன்? ராத்திரி பதினொன்றரைக்குக் கையில் போன், கண்ணில் தூக்கம், நெஞ்சில் சூடு. விரல் தவறி அனுப்பும் பொத்தானில் பட்டால் அதோடு சரி. ஜிமெயிலில் Undo Send இருக்கிறது என்று நம்பாதீர்கள். அதை அதிகபட்சமாக 30 வினாடிக்குத்தான் வைக்க முடியும். முப்பது வினாடியில் யாருக்கும் கோபம் ஆறாது. அவுட்லுக்கில் திரும்பப் பெறும் வசதி இருக்கிறது, ஆனால் அது ஒரே நிறுவனத்துக்குள்தான் வேலை செய்யும், அங்கேயும் எப்போதும் கைகொடுக்காது. முகவரி இல்லாத மின்னஞ்சல் எப்படித் தட்டினாலும் போகாது. ஆகவே கோபத்தில் எழுதுவதாக இருந்தால் முகவரியைக் கடைசியில் போடுங்கள். பதில் அனுப்பும் பொத்தானைத் தட்டித் தொடங்கினால் முகவரி தானாகவே வந்து உட்கார்ந்துவிடும். புது மின்னஞ்சலாகத் திறந்து எழுதுவது நல்லது.

சிலர் இதில் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். ராத்திரியே எழுதி, காலை 8 மணிக்குத் தானாகப் போகும்படி Schedule send போட்டுவிட்டுத் தூங்குவது. இது ஆறப்போடுவது இல்லை. அலாரத்தை அணைத்துவிட்டுக் கொஞ்சம் தூங்கினீர்கள் என்றால், நீங்கள் பல் விளக்கும்போது அது மேனேஜர் கையில் இருக்கும்.

ஒரு ராத்திரி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தூக்கம் ஒன்றும் மந்திரம் இல்லை. படுத்துக்கொண்டு அதையே நினைத்துப் புரண்டால், காலையில் கோபம் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கும். 2002ல் அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் ஓர் ஆய்வு வெளியிட்டார். கோபமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு பிரிவினர், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. “கொட்டித் தீர்த்தா சரியாப் போயிடும்” என்று நாம் சொல்வது அவ்வளவு சரியில்லை.

நம்ம பசங்க ராத்திரியில் செய்யும் ஒரு வேலை கிட்டத்தட்ட அந்தப் பையைக் குத்துவது மாதிரிதான். எழுதினதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பர்கள் குரூப்பில் போடுவது. “செம்மடா, அனுப்பு!” என்று ஆறு பேர் சொன்னபிறகு அதைத் திருத்த மனசு வருமா? ஆறப்போடுவது என்றால் எழுதி, மூடி, வேறொரு வேலையில் இறங்குவது. யாராவது ஒருவருக்குக் காட்டத்தான் வேண்டுமென்றால், உங்களுக்குக் கைதட்டாத ஒருவராகப் பாருங்கள்.

காலையில் 7.10க்கு போன் வந்தது. நான் திருத்தத் தொடங்கவில்லை. “முதல்ல அவங்க அனுப்பினதை இன்னொரு தடவை படி” என்றேன். படித்தார். “சிஸ்டத்தில் உங்களுக்கு லீவு இல்லை.” ராத்திரி அவர் காதில் அது “உனக்கு லீவு கிடையாது” என்று கேட்டிருக்கிறது. காலையில் அதே வரி வேறு மாதிரி இருந்தது. சிஸ்டத்தில் இல்லை என்றால், பதிவே இல்லை என்றுதானே அர்த்தம்? லீவு சிஸ்டத்தைத் திறந்தார். மூன்று வாரத்துக்கு முன் அவர் போட்ட விண்ணப்பம் அங்கே இருந்தது. அதன் பக்கத்தில் Draft என்று எழுதியிருந்தது. கடைசியில் தட்டவேண்டிய Submit-ஐ அவர் தட்டவே இல்லை.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அண்ணே, நல்ல வேளை.”

அதனால்தான் மறுபடி படிப்பதில் முதல் வேலை உங்கள் கடிதத்தைத் தொடுவது இல்லை. வந்ததை மறுபடி படிப்பது, நீங்கள் சொல்லப்போகிற உண்மை ஒவ்வொன்றையும் போய்ப் பார்ப்பது. தேதி, பதிவு, ரசீது, பழைய வாட்ஸ்அப் எல்லாம். கோபத்தில் நாம் ஞாபகத்திலிருந்து எழுதுகிறோம், அந்த நேரத்து ஞாபகம் நம்ம கட்சி.

ஆனால் இங்கேதான் இன்னொரு பள்ளம் இருந்தது. Draft என்பதைப் பார்த்தவுடன் தம்பி நேர் எதிராகப் போய்விட்டார். “தப்பு என் மேலதான், ஒண்ணும் அனுப்ப வேணாம், டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறேன்” என்றார். இதுவும் சரியில்லை. சூப்பர்வைசர் வாயால் ஓகே சொன்னது உண்மை. அதை நம்பித்தான் டிக்கெட் வாங்கினார். ஏழு பேர் முன்னால் அப்படி எழுதியது அவரைக் குத்தியதும் உண்மை. ஆறவைத்தால் கோபம்தான் போக வேண்டும், விஷயம் போகக் கூடாது. மரியாதை என்ற பேரில் சொல்லவேண்டியதை விழுங்கிவிடும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. ராத்திரி பத்து வரி திட்டு, காலையில் “மன்னிக்கவும், தொந்தரவுக்கு வருந்துகிறேன்”. இரண்டிலும் வேலை நடக்காது.

சரி, இப்போது திருத்தத்துக்கு வருவோம். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி: “இதைப் படிச்சிட்டு அவங்க என்ன செய்யணும்னு நீ எதிர்பார்க்கிறே?” மேலே போய் அந்தக் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை பாருங்கள். லீவு வேண்டும் என்ற கோரிக்கை அதில் எங்கேயும் இல்லை. பத்து வாக்கியத்தில் ஒன்றுகூட “இந்த நாளுக்கு லீவு கொடுங்கள்” என்று கேட்கவில்லை. கோப மின்னஞ்சல்களில் நான் பார்த்த பொதுவான குறை இதுதான். எழுதியவருக்கு என்ன வேண்டும் என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். படிப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பதில் எழுதுவார், லீவைப் பற்றி எழுதமாட்டார். ஆகவே கோரிக்கையைத் தனியே ஒரு வரியில் எழுதச் சொன்னேன். அதுதான் கடிதத்தின் நடுத்தூண். மற்ற வரிகள் அதைத் தாங்கினால் இருக்கட்டும், தாங்காவிட்டால் போகட்டும்.

அந்த அளவுகோலில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். “நீங்கள் எப்போதும் இப்படித்தான்.” எப்போதும் என்று எழுதினால், அப்படி இல்லாத ஒரே ஒரு நாளைக் காட்டி அவர் தப்பித்துவிடலாம். தேதி போட்டால் தப்பிக்க முடியாது. “மூன்று வாரத்துக்கு முன்பு சொன்னேன்” என்பதும் தளர்வுதான். எந்த நாள், எந்த இடம்? செவ்வாய்க்கிழமை காலை மீட்டிங் முடிந்த பிறகு என்று தம்பிக்கு ஞாபகம் இருந்தது. காலண்டரில் பார்த்துத் தேதியைப் போட்டார்.

“எல்லோர் முன்னாலும் என்னைப் பொய்யன் ஆக்குகிறீர்கள்.” “ஒரு நாள் கொடுக்க உங்களுக்கு மனசு இல்லை.” இந்த இரண்டும் அடுத்தவர் மனசுக்குள் இருப்பதைப் பற்றிய வாக்கியங்கள். அங்கே ஒரு கேமரா வைத்திருந்தால் அதில் பதிவாகியிருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஏழு பேருக்குக் காப்பி போனது பதிவாகும். பொய்யன் ஆக்கும் எண்ணம் பதிவாகாது. பதிவாகக்கூடியதை வைத்துக்கொண்டு, அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று என்பதை “எனக்கு” என்று தொடங்கி ஒரு வரியில் சொல்லலாம். அதை யாரும் மறுக்க முடியாது, உங்களுக்கு எப்படி இருந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மற்றவர்கள் பெருநாளைப் பற்றிய அந்த வரியை நாங்கள் நெடுநேரம் பேசினோம். “அண்ணே, அது உண்மைதானே?” என்றார். உண்மையாக இருக்கலாம். அப்படி இருந்தால் அது இந்த லீவைவிடப் பெரிய விஷயம். இரண்டு மூன்று வருடத்து லீவுப் பதிவோடு, மற்ற ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டு மனிதவளப் பிரிவுக்குத் தனியாக எழுதவேண்டியது. Draft-இல் கிடந்த ஒரு விண்ணப்பத்தோடு அதைக் கட்டிவிட்டால், இரண்டும் சேர்ந்து மூழ்கும். அந்த வரியை வெட்டினோம், ஆனால் தூக்கி எறியவில்லை. போனில் ஒரு குறிப்பு திறந்து, தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டார். சனிக்கிழமை வேலையும் அந்தக் குறிப்புக்கே போனது. அதற்கு ஓவர்டைம் வந்ததா என்று கேட்டேன். வந்திருந்தது. அப்போ குறை நன்றியைப் பற்றித்தான், அதை மின்னஞ்சலில் கேட்டு வாங்க முடியாது.

“வேலையை விடவும் தயார்.” இதில் எனக்குக் கொஞ்சம் பயமே வந்தது. எழுத்தில் போன பிறகு அது பேச்சு இல்லை, பதிவு. ராஜினாமா என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புக் கொடுக்கும் வரியைக் கோபத்தில் எழுதாதீர்கள். பிறகு “நான் அப்படிச் சொல்லவில்லை” என்று நிரூபிக்க அலையவேண்டி வரும். உண்மையிலேயே விடுவதாக இருந்தால், அடுத்த வேலை கையில் இருக்கும்போது, ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தைப் பார்த்துத் தனிக் கடிதமாக எழுதுங்கள்.

கடைசியில் அந்த ‘நியாயமான’. மேற்கோள்குறி போட்ட கிண்டல். எழுதும்போது நம் காதில் நம் குரலே கேட்கும், படிப்பவருக்கு அது கேட்காது. 2005ல் வெளிவந்த ஓர் ஆய்வில் க்ரூகர், எப்லி என்பவர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் இதைச் சோதித்தார்கள். சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நேராகவும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். நான்கில் மூன்றுக்கு மேல் படிப்பவர் சரியாகப் புரிந்துகொள்வார் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்கள். உண்மையில் சரியாகப் புரிந்தது பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். காசைச் சுண்டிப் போட்டாலே பாதி சரியாக வரும். கிண்டல் புரியாமல் போனால் வீண். புரிந்தாலோ, கடிதத்தில் வேறு எதுவுமே அவர் நினைவில் நிற்காது.

பெயர் வரிசையில் மிஞ்சியது சூப்பர்வைசர் மட்டும். ஏழு பேரையும் எடுத்துவிட்டோம். தம்பிக்கு அதில்தான் மனசு கேட்கவில்லை. “அவங்க எல்லார் முன்னாலயும் எழுதினாங்க, நான் மட்டும் தனியா எழுதணுமா?” நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: கூட்டம் பார்க்கும்போது எந்தச் சூப்பர்வைசரும் இறங்கி வரமாட்டார். தனியாக இருந்தால் முகம் போகாமல் இறங்கி வர அவருக்கு ஒரு படி இருக்கும். மனிதவள மேனேஜரையும் எடுத்தோம். அது இரண்டாவது கதவு, முதல் கதவைத் தட்டாமல் அங்கே போகக் கூடாது.

காலை 8.40க்குப் போனது இது:

“பொருள்: தீபாவளிக்கு அடுத்த இரண்டு நாள் லீவு
வணக்கம். உங்கள் மின்னஞ்சலைப் பார்த்துச் சிஸ்டத்தைச் சரிபார்த்தேன். என் விண்ணப்பம் Draft-இல் நின்றிருக்கிறது, நான் Submit செய்யத் தவறிவிட்டேன். இன்று காலை அனுப்பிவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை மீட்டிங்குக்குப் பிறகு நேரில் கேட்டபோது நீங்கள் ஓகே என்று சொன்னதை நம்பி, சுங்கை பட்டாணிக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். இரண்டு நாளும் கொடுக்க முடியுமா? இரண்டும் முடியாவிட்டால் முதல் நாளாவது வேண்டும். இரண்டாம் நாள் டியூட்டியை மாற்றிக்கொள்ள ஒருவரைக் கேட்டுப் பார்க்கிறேன். திங்கட்கிழமைக்குள் தெரிந்தால் டிக்கெட்டை மாற்ற முடியும். இன்னொன்று: நேற்றைய மின்னஞ்சல் டீம் முழுவதற்கும் போனது எனக்குச் சங்கடமாக இருந்தது. என் லீவு விஷயத்தில் தவறு இருந்தால் முதலில் என்னிடம் நேரடியாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.”

பாருங்கள், தன் தவறு முதலில் வருகிறது. அதைச் சொன்னபிறகு அவர் சொல்லும் செவ்வாய்க்கிழமையை நம்பாமல் இருக்க முடியாது. கேள்வி ஒன்று, அது முடியாவிட்டால் மாற்று ஒன்று, பதில் வேண்டிய நாள் ஒன்று. சங்கடம் கடைசியில், இரண்டே வரியில், குரல் உயராமல். அனுப்பும் முன் ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வாசிக்கும்போது எங்கே மூச்சு வேகமாகிறதோ அங்கே இன்னும் கொஞ்சம் சூடு மிச்சம் இருக்கிறது. முதல் வரைவில் “தெளிவாக ஓகே என்று சொன்னதை” என்று இருந்தது. அந்தத் “தெளிவாக”வில் அவருக்கு மூச்சு வேகமானது. எடுத்துவிட்டார்.

எல்லா மின்னஞ்சலையும் ராத்திரி முழுக்க வைத்திருக்க முடியாது. இன்று மாலைக்குள் பதில் வேண்டும் என்று வந்தால் என்ன செய்வது? இரண்டு வரி அனுப்புங்கள்: “உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. பதிவைச் சரிபார்த்து நாளை காலை 11 மணிக்குள் பதில் தருகிறேன்.” இதில் ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை, ஆனால் நேரம் கிடைத்துவிடுகிறது. யாருடைய பாதுகாப்பாவது சம்பந்தப்பட்டிருந்தால் காத்திருக்கவே வேண்டாம், மின்னஞ்சலும் வேண்டாம், போனை எடுங்கள். இரண்டு மூன்று நாளாகியும் சூடு அப்படியே இருந்தால் அது வேறு செய்தி. அந்த விஷயத்துக்கு எழுத்து சரிப்படாது, நேரில் உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம் அது.

சில கடிதங்களை அனுப்பாமலே விடுவதும் உண்டு. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர் முடிந்ததும், தோற்ற படை ஆற்றைத் தாண்டித் தப்பிவிட்டது. வெறுத்துப்போன ஆபிரகாம் லிங்கன் தன் தளபதி மீடுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதிபருக்கு அதிருப்தி என்று வேறொருவர் வழியாகக் கேள்விப்பட்டதற்கே மீட் பதவி விலகக் கேட்டிருந்த நேரம் அது. அந்தக் கடிதமும் போயிருந்தால் போரை வென்ற தளபதியையே இழந்திருக்கலாம். லிங்கன் அதைக் கையெழுத்துப் போடாமல் உறைக்குள் வைத்து, அனுப்பவில்லை என்று மேலே எழுதித் தன் காகிதங்களோடு போட்டுவிட்டார். அந்தக் காலத்தில் கடிதத்துக்கு உறை வேண்டும், மை உலர வேண்டும், கொண்டுபோக ஆள் வேண்டும். நமக்கு அந்தத் தாமதம் எதுவும் இல்லை, நாமே ஏற்படுத்திக்கொண்டால்தான் உண்டு.

தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை மத்தியானம் பதில் வந்தது. முதல் நாள் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் டியூட்டியை ஆபீஸில் ஒரு அக்கா மாற்றிக்கொண்டார், அதற்குப் பதிலாகத் தம்பி டிசம்பரில் ஒரு நாள் வந்து கொடுத்தார். டீம் முழுவதற்கும் காப்பி போட்டதைப் பற்றி சூப்பர்வைசர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, மன்னிப்பும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு லீவு விஷயம் எதுவாக இருந்தாலும் மேசைக்குப் பக்கத்தில் வந்துதான் பேசுகிறாராம். ராத்திரி எழுதிய அந்த முதல் கடிதத்தைத் தம்பி இன்னும் அழிக்கவில்லை. முகவரி இல்லாமல் அப்படியே கிடக்கிறது.